பென்ஷனும் வட்டியும் மட்டும் வருமானமாக உள்ள மூத்த குடிமகன் ஆண்டு வரியைக் கணக்கிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"12 லட்சம் வரைக்கும் வரி இல்லையே, அப்புறம் எதுக்குக் கணக்கு?" பென்ஷன் வாங்குபவர்கள் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் வருமானம் 12 லட்சத்தைச் சற்றே தாண்டும் இடத்தில் இருப்பவருக்கு, மறந்துபோன ஒரே ஒரு எஃப்டி வட்டி, பூஜ்ஜியமாக இருந்த வரியை 60,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோய் நிறுத்திவிடும். இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட ஒருவரின் கணக்கை முழுவதும் போட்டுக் காட்டுகிறது.

இங்குள்ள எண்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை. அதாவது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை வந்த வருமானம். அதற்கான ரிட்டர்னை 2026 ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது என்றாலும் இந்த ஆண்டுக் கணக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிதான். கீழே வரும் பிரிவு எண்களும் அந்தப் பழைய சட்டத்தின் எண்களே.

முதலில் ஒரு தெளிவு: 'சீனியர் சலுகை' எந்த முறையில் இருக்கிறது?

60 வயதானவருக்கு 3 லட்சம் வரை வரி கிடையாது, 80 வயதானவருக்கு 5 லட்சம் வரை கிடையாது, வட்டியில் 50,000 கழிவு உண்டு, மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தில் 50,000 கழிவு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இவையெல்லாம் பழைய வரி முறைக்கு மட்டுமே. புதிய முறையில் வயதுக்கென்று தனி வரம்பு எதுவும் இல்லை. 30 வயதுக்காரருக்கும் 82 வயதுக்காரருக்கும் முதல் 4 லட்சம்தான் வரியற்றது. வட்டிக் கழிவுக்கான 80டிடிபி, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி, சேமிப்பு முதலீடுகளுக்கான 80சி மூன்றுமே அங்கே கிடையாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எனப்படும், பென்ஷனுக்கான நிலைக்கழிவு மட்டும் பழைய முறையில் 50,000, புதிய முறையில் 75,000.

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். பழையது வேண்டுமென்றால் ரிட்டர்னில் அதைத் தேர்ந்தெடுத்து, கெடு தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கெடு தாண்டிவிட்டால் பழைய முறையைக் கேட்க முடியாது.

வயதில் ஒரு நுணுக்கம் உண்டு. நிதியாண்டின் எந்த நாளில் 60 நிறைந்தாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் மூத்த குடிமகன்தான். ஏப்ரல் 1-இல் பிறந்தவருக்கு மார்ச் 31-ஆம் தேதியே வயது நிறைந்ததாகக் கொள்வார்கள்; அதனால் ஓராண்டு முன்னதாகவே சலுகை கிடைத்துவிடும். இவையெல்லாம் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான்.

படி 1: பென்ஷனைச் சரியாக எடுப்பது

பாஸ்புக்கில் வரவான தொகையைக் கூட்டிப் போடுவதுதான் வழக்கமான தவறு. கைக்கு வருவது பிடித்தம் போக மிஞ்சியது. அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கும் பிடித்ததையும், ஏற்கெனவே பிடித்த வரியையும் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் கூட்டக் கூடாது: பென்ஷனின் ஒரு பகுதியை முன்பே மொத்தமாக வாங்கிக்கொண்டதற்காக, அதாவது கம்யூட் செய்ததற்காக, மாதாமாதம் குறைகிற தொகையை. அது உங்கள் வருமானமே அல்ல. அகவிலைப்படியோ, கம்யூட் செய்யும் முன்பிருந்த முழு அடிப்படைப் பென்ஷன் மீது கணக்கிடப்படுவது. அது முழுவதும் வருமானம். கம்யூட் செய்து 15 ஆண்டு முடிந்து முழுப் பென்ஷன் திரும்பக் கிடைக்கிற ஆண்டில் மொத்தம் சட்டென்று ஏறும். அந்த ஆண்டில் போன வருடக் கணக்கைப் பார்த்து எழுதினால் பிசகிவிடும்.

இன்னொரு குழப்பம் எந்தப் பென்ஷன் 'பென்ஷன்' என்பது. பணிபுரிந்த நிறுவனத்தின் வழியாக வருவது சம்பளத் தலைப்பில் சேரும். அதற்கு நிலைக்கழிவு உண்டு. உங்கள் சொந்தச் சேமிப்பைப் போட்டு எல்ஐசி போன்ற நிறுவனத்திடம் வாங்கிய ஆண்டளிப்பு 'இதர வருமானம்'. அதற்கு நிலைக்கழிவு இல்லை. கணவர் மறைந்தபின் மனைவி வாங்கும் குடும்பப் பென்ஷனும் இதர வருமானம்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இரண்டில் எது குறைவோ அதைப் புதிய முறையில் கழிக்கலாம். பழைய முறையில் அந்த உச்சவரம்பு 15,000.

படி 2: வட்டியைப் பிரித்து எழுதுவது

வட்டியை ஒரே வரியில் மொத்தமாகப் போடாமல் கணக்குவாரியாக எழுதுங்கள். எங்கே எது விட்டுப்போகிறது என்பது அப்போதுதான் தெரியும். 67 வயதுள்ள ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்காகப் போட்டவை. வட்டி விகிதங்களில் அஞ்சலகத் திட்டங்களுக்கும் ரிசர்வ் வங்கிப் பத்திரத்துக்கும் உள்ளவை அந்த ஆண்டின் நிஜ விகிதங்கள்.

| வருமானம் | ஆண்டுத் தொகை (ரூ.) |
|---|---|
| பென்ஷன் (முதல் 6 மாதம் 62,000, பின் 6 மாதம் 65,000) | 7,62,000 |
| மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், 30 லட்சம், 8.2% | 2,46,000 |
| அஞ்சலக மாத வருமானத் திட்டம், 9 லட்சம், 7.4% | 66,600 |
| ரிசர்வ் வங்கி மாறும் வட்டிப் பத்திரம், 15 லட்சம், 8.05% | 1,20,750 |
| வங்கி எஃப்டி, காலாண்டு வட்டி கைக்கு வருவது, 10 லட்சம், 7.25% | 72,500 |
| அதே வங்கியில் முதிர்வில் வட்டி பெறும் எஃப்டி, 8 லட்சம், 7.5% | 61,709 |
| சேமிப்புக் கணக்கு வட்டி | 4,300 |
| மொத்தம் | 13,33,859 |

ஆறாவது வரிசையைப் பாருங்கள். அந்த 61,709 ரூபாய் அவர் கையில் வரவில்லை. 5 ஆண்டு கழித்து அசலோடு சேர்ந்துதான் வரும். இந்த ஆண்டு அது வைப்புத்தொகையிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலில் சேர்வதால்தான் 60,000-க்குப் பதில் 61,709. வங்கியோ இதைக் கொடுத்த வட்டியாகவே கணக்கிட்டு வரி பிடித்து, வரித்துறைக்கும் தெரிவித்துவிடும். பாஸ்புக்கில் தெரியாத இந்த வட்டி உங்கள் வருமானத் தகவல்களை வரித்துறை தொகுத்து வைத்திருக்கும் ஏஐஎஸ் அறிக்கையில் பளிச்சென்று இருக்கும்.

'கைக்கு வரும்போது காட்டிக்கொள்கிறேன்' என்று சொல்ல முடியாதா? சட்டம் தடுக்கவில்லை. ரொக்க முறையில் கணக்கு வைப்பவர் அதை ஆண்டாண்டாக, எல்லா வட்டிக்கும் மாறாமல் பின்பற்றினால் வந்த ஆண்டில் காட்டலாம். ஆனால் 5 ஆண்டு வட்டியும் ஒரே ஆண்டில் குவிந்து மேல் அடுக்கில் வரி விழும். இடைப்பட்ட ஆண்டுகளில் பிடித்த வரியையும் வருமானம் காட்டுகிற ஆண்டு வரை தூக்கிச் செல்ல வேண்டும். ஏஐஎஸ் எண்ணோடு பொருந்தாததால் விளக்கமும் கேட்கப்படலாம். பெரும்பாலோருக்கு ஆண்டுதோறும் காட்டிவிடுவதே தொல்லையில்லாதது.

வட்டியில் சேர்க்க வேண்டாதது பிபிஎஃப் வட்டி. அதற்கு வரியே கிடையாது. சேர்க்க மறந்துவிடுவது வரித் துறை ரீஃபண்டோடு கொடுக்கும் வட்டி. ரீஃபண்ட் தொகைக்கு வரி இல்லை, அதன் மேல் வரும் வட்டிக்கு உண்டு.

படி 3: புதிய முறையில் வரி

மொத்தம் 13,33,859. நிலைக்கழிவு 75,000 போக 12,58,859. பத்து ரூபாய்க்கு முழுமையாக்கினால் 12,58,860. அடுக்குவாரியாக:

முதல் 4 லட்சத்துக்கு ஒன்றும் இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5%, அது 20,000. 8 முதல் 12 லட்சம் வரை 10%, அது 40,000. 12 லட்சத்துக்கு மேல் உள்ள 58,860-க்கு 15%, அது 8,829. ஆக 68,829. (அடுத்த அடுக்குகள் 16 லட்சத்துக்கு மேல் 20%, 20-க்கு மேல் 25%, 24-க்கு மேல் 30%, இவருக்குத் தேவையில்லை.)

இப்போது 87ஏ தள்ளுபடி. நிகர வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 60,000 வரை வரி முழுவதும் தள்ளுபடி. 12 லட்சம் என்பது வரியற்ற வரம்பு அல்ல. வரி கணக்கிட்டபின் அதை மன்னித்துவிடும் கதவு. ஒரு ரூபாய் தாண்டினாலும் கதவு மூடிவிடும். அதனால் ஏற்படும் அநியாயத்தைச் சரிசெய்யத்தான் விளிம்பு நிவாரணம் வைத்திருக்கிறார்கள்: வரி, 12 லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட அதிகமாக இருக்கக் கூடாது. இவர் தாண்டியது 58,860. அடுக்குப்படி வரி 68,829. எனவே வரி 58,860-ஆகக் குறையும். அதன் மேல் 4% செஸ் 2,354. மொத்த வரி 61,214.

நிவாரணம் கிடைத்தது என்று மகிழ வேண்டாம். இந்த விளிம்புப் பகுதியில் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாயும் முழுதாக வரிக்கே போய்விடுகிறது. செஸ்ஸைச் சேர்த்தால் ரூபாய்க்கு மேலேயே. நிகர வருமானம் ஏறத்தாழ 12,70,590-ஐ எட்டும் வரை இதே கதைதான். அதற்கு மேல் வழக்கமான அடுக்கு வரி.

இப்போது அந்த எஃப்டியை மறந்துவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். 12,58,859-இலிருந்து 61,709 போக 11,97,150. பன்னிரண்டுக்குள் வந்துவிட்டது, வரி பூஜ்ஜியம். ஏப்ரலில் மனக்கணக்குப் போட்டவர் 'வரி இல்லை' என்று முடிவு கட்டி வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குச் சொல்லும் 15எச் படிவம் கொடுத்திருப்பார். தவறு வெளிப்படுவது அடுத்த ஆண்டு ஏஐஎஸ் பார்க்கும்போது.

படி 4: பழைய முறையில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது

அதே 13,33,859. நிலைக்கழிவு 50,000. 80டிடிபி-யில் 50,000. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 42,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 11,91,859.

80டிடிபி-யில் கவனிக்க வேண்டியது, அது வங்கி, கூட்டுறவு வங்கி, அஞ்சலகம் ஆகியவற்றில் உள்ள வைப்புத்தொகை வட்டிக்கு மட்டுமே. சேமிப்புக் கணக்கு, எஃப்டி, மூத்த குடிமக்கள் திட்டம் எல்லாம் அதில் சேரும். ரிசர்வ் வங்கிப் பத்திரத்தின் 1,20,750 சேராது. பெயரில் வங்கி இருந்தாலும் அது பத்திரம், வைப்பு அல்ல. தனியார் கம்பெனி டெபாசிட்டும் சேராது. இவருக்கு மற்ற வட்டியே 50,000-ஐத் தாண்டுவதால் வித்தியாசம் இல்லை. பத்திர வட்டி மட்டுமே பெரிதாக உள்ளவருக்கு இடறும்.

பழைய அடுக்கில் 60-80 வயதினருக்கு 3 லட்சம் வரை இல்லை; 5 லட்சம் வரை 5% (10,000); 10 லட்சம் வரை 20% (1,00,000); மேலே 30%. இங்கே 10 லட்சத்துக்கு மேல் 1,91,860 இருக்கிறது, அதற்கு 57,558. ஆக 1,67,558, செஸ் சேர்த்து ஏறத்தாழ 1,74,260. புதிய முறையின் 61,214-க்கு எதிரே இது நிற்கவே முடியாது. 80சி-யில் 1.5 லட்சத்தை முழுதாகப் போட்டிருந்தாலும் 1,27,460 வரும்.

பழைய முறை இவருக்கு லாபமாக வேண்டுமானால், நிலைக்கழிவையும் சேர்த்து ஏறத்தாழ 5.9 லட்சம் கழிவு இருக்க வேண்டும். நிலைக்கழிவு, 80டிடிபி, 80டி மூன்றும் தலா 50,000; 80சி 1.5 லட்சம், எல்லாம் சேர்ந்தும் 3 லட்சம். கடுமையான நோய்களின் சிகிச்சைக்கான `80DDB`, வட்டிக்கான `80TTB`-யோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் வேறொரு பிரிவு; அது ஒரு லட்சம் தந்தாலும் 4 லட்சம்தான். வீட்டுக் கடன் வட்டி 2 லட்சமும் கூடினால்தான் எட்டும். 80 வயது தாண்டியவருக்கு 10,000 வரி குறையும். அதுவும் இந்த இடைவெளியை நிரப்பாது. பென்ஷனும் வட்டியும் மட்டும் உள்ளவருக்குப் பழைய முறை இப்போது அரிதாகத்தான் உதவுகிறது என்பதே எங்கள் கணிப்பு.

படி 5: பிடித்த வரியைக் கழித்து, பாக்கியைக் கட்டுவது

மூத்த குடிமகனுக்கு ஒரே வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சத்துக்குள் இருந்தால் வரி பிடிக்க மாட்டார்கள் (2025 ஏப்ரலுக்கு முன் 50,000). தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் என்றில்லை, முழு வட்டிக்கும் 10% பிடிப்பார்கள். கிளைவாரியாகப் பிரித்து வைத்தாலும் பயனில்லை. ஒரே வங்கியின் கிளைகள் எல்லாம் சேர்த்துத்தான் பார்க்கப்படும். பான் கொடுக்காவிட்டால் 20%.

இவருக்கு அஞ்சலகத்தில் உள்ள மூத்த குடிமக்கள் திட்டத்தில் 24,600. வங்கி எஃப்டிகள் இரண்டும் சேர்ந்து 1,34,209, அதில் 13,421. பத்திரத்தில் 12,075. மொத்தப் பிடித்தம் 50,096. பென்ஷன் தருபவர் எதுவும் பிடிக்க மாட்டார். அவருக்குத் தெரிந்தது பென்ஷன் மட்டும், அது 12 லட்சத்துக்குள்தான். 61,214-இல் இதைக் கழித்தால் பாக்கி 11,118; பத்துக்கு முழுமையாக்கி 11,120 கட்ட வேண்டும்.

பாக்கி 10,000-ஐத் தாண்டினால் மற்றவர்கள் முன்கூட்டி வரி கட்ட வேண்டும். தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமகனுக்கு அந்தக் கடமை இல்லை (பிரிவு 207). ஜூன், செப்டம்பர் தவணைகள் வேண்டாம். ரிட்டர்னுக்கு முன் ஒரே தடவையாகக் கட்டினால் போதும், அதற்கு வட்டியும் போடமாட்டார்கள். ஆனால் ஜூலை 31 தாண்டினால் பாக்கிக்கு மாதம் 1% வட்டி ஓடும்.

15எச் கொடுக்கும் முன் இந்தக் கணக்கை முடித்திருக்க வேண்டும். ஆண்டின் மொத்த வரி பூஜ்ஜியமாக இருந்தால்தான் அந்தப் படிவம் செல்லும். தள்ளுபடிக்குப் பின் பூஜ்ஜியமானாலும் கொடுக்கலாம், அதனால் நிகரம் 12 லட்சத்துக்குள் உள்ளவர் தாராளமாகத் தரலாம். மேலே உள்ளவர் தரக்கூடாது; கொடுத்தால் அது பொய் உறுதிமொழி. ஒரு வங்கியில் கொடுத்தது இன்னொரு வங்கிக்குச் செல்லாது, ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தர வேண்டும்.

75 வயது நிறைந்து, பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் மட்டும் வருபவருக்கு `194P` பிரிவில் ஒரு வசதி உண்டு: 12பிபிஏ படிவத்தில் உறுதிமொழி கொடுத்தால், அறிவிக்கப்பட்ட வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துவிடும், ரிட்டர்ன் வேண்டாம். ஆனால் அஞ்சலகத்தில் ஒரு மாத வருமானக் கணக்கு இருந்தாலே இந்த வசதி போய்விடும்.

சரிபார்ப்பு

`incometax.gov.in` தளத்தில் உள்நுழையாமலேயே `Income and Tax Calculator` கிடைக்கும். வயதையும் இரு வகை வருமானத்தையும் போட்டால் இரு முறைகளின் வரியும் பக்கத்தில் பக்கத்தில் வரும். உள்நுழைந்து `AIS`-ஐத் திறந்து, நீங்கள் எழுதிய வரிசைகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். உங்கள் பட்டியலில் இல்லாத வட்டி அங்கே இருந்தால் அது பெரும்பாலும் முதிர்வு எஃப்டியாக இருக்கும், அல்லது முதல் பெயர் உங்களுடையதாக உள்ள கூட்டுக் கணக்காக இருக்கும்.

அடுத்த ஆண்டுக்கு

விளிம்பில் நிற்பவருக்கு 59,000 ரூபாய் வருமானத்தைக் குறைத்தால் வரி முழுவதும் போய்விடும். அதற்காக மனைவி பெயரில் பணத்தை மாற்றி எஃப்டி போடுவதுதான் பலர் செய்வது. அது பலிக்காது, மனைவிக்குக் கொடுத்த பணத்தின் வட்டி கணவரின் வருமானத்தோடே சேர்க்கப்படும். மனைவியின் சொந்தப் பணத்தில் போட்டது மட்டுமே அவருடையது. பிபிஎஃப் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை எஃப்டியிலிருந்து அதற்கு மாற்றலாம், 7.5% எஃப்டியிலிருந்து மாற்றினால் வட்டியில் ஏறத்தாழ 11,000 கணக்கை விட்டு விலகும். மீதிக்கு, அந்த 8 லட்சம் முதிரும்போது விற்கும்வரை வரி விழாத கடன் மியூச்சுவல் ஃபண்டின் வளர்ச்சித் திட்டத்தை யோசிக்கலாம். வட்டிக்கு உத்தரவாதம் இல்லை என்பது அதன் விலை. அதோடு, பங்குகளை விற்ற லாபத்துக்கான சிறப்பு விகித வரிக்கு 87ஏ தள்ளுபடி கிடையாது. பென்ஷன்-வட்டிக் கணக்கைப் போட்டுவிட்டு அங்கே பங்கு விற்றால் வரி தனியாக வரும்.